காய்ச்சல் விட்ட சமையல்காரர் எப்போது அடுப்படிக்குத் திரும்பலாம்?



டைஃபாய்டை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. ஹெபடைட்டிஸ் ஏ என்ற மஞ்சள் காமாலையை உண்டாக்குவது ஒரு வைரஸ். இரண்டும் வேறு வேறு நோய்கள் என்றாலும் சமையற்கட்டுக்குள் அவை நுழையும் வழி ஒன்றுதான். நோயாளியின் மலத்தில் வெளியேறி, சரியாகக் கழுவாத கையில் ஒட்டி, உணவில் சேர்ந்து, சாப்பிடுகிறவரின் வயிற்றுக்குப் போகின்றன. டைஃபாய்டு கிருமி கோழியிலோ மாட்டிலோ வாழ்வதில்லை. மனித உடல் மட்டுமே அதற்கு இருப்பிடம். உணவில் அது இருக்கிறது என்றால், யாரோ ஒருவரின் கழிவு தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

நோயுள்ள சமையல்காரர் தொட்ட எல்லா உணவும் ஒரே அளவு ஆபத்தானது அல்ல. இட்லி மாவைக் கையால் கரைத்தாலும் அது பிறகு ஆவியில் வேகிறது. சாம்பார் கொதிக்கிறது. உணவின் உட்பகுதி 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தால் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் செயலிழந்துவிடும். நன்றாகக் கொதித்த உணவில் டைஃபாய்டு கிருமியும் பிழைக்காது. அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு கை படும் உணவும், அடுப்புக்கே போகாத உணவும்தான் ஆபத்தானவை. தேங்காய்ச் சட்னி அரைத்தபடியே இலைக்குப் போகிறது. மேலே ஊற்றும் தாளிப்பு அதைச் சூடாக்குவதில்லை. பிரியாணிக்குப் போடும் தயிர்ப் பச்சடி, வெங்காயம் அரிந்து போட்ட சாலட், நீர்மோர், பழத்துண்டு எல்லாம் இந்த வகைதான். பரோட்டா மாஸ்டர் மாவு பிசைவதில் ஆபத்தில்லை. கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை இரு கையாலும் தட்டி உதிர்க்கிறாரே, அதில்தான் ஆபத்து. பூந்தி எண்ணெயில் பொரிந்துதான் வருகிறது, ஆனால் லட்டு பிடிப்பது கை. உரிமையாளர் தம் சமையற்கட்டில் எந்தெந்த உணவு வெந்த பிறகு வெறுங்கையால் தொடப்படுகிறது என்று ஒருமுறை நின்று பார்த்தாலே, யார் நோயோடு வேலைக்கு வந்தால் எவ்வளவு கேடு என்பது தெரிந்துவிடும்.

இரு கிருமிகளுக்கும் இடையே ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். டைஃபாய்டு கிருமி உணவிலேயே பெருகும். காலையில் அரைத்த சட்னியில் சிறிதளவு விழுந்தால், மதியம் வரை வெளியில் வைத்திருந்த அதே சட்னியில் அது பல மடங்காகியிருக்கும். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் உணவில் பெருகாது. ஆனால் மிகச் சிறிய அளவே நோய் தரப் போதுமானது. அது பாத்திரம், மேடை, கதவுப்பிடி ஆகியவற்றில் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கையில் தேய்க்கும் ஆல்கஹால் சானிடைசர் இந்த வைரஸை நம்பத்தக்க வகையில் அழிப்பதில்லை. சோப்புப் போட்டு, நக இடுக்குவரை தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசுவதே பலன் தரும். கழிப்பறைக்குப் பக்கத்தில் சோப்பு இல்லாத இடத்தில் சானிடைசர் பாட்டிலை மாட்டிவைப்பது ஈடாகாது.

இந்தியாவில் சட்டம் சொல்வது தெளிவாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, தொற்றுநோய் உள்ளவரை உணவுத் தொழில் நடத்துபவர் வேலையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 2011ஆம் ஆண்டின் உரிமம், பதிவு பற்றிய விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், பதிவுபெற்ற மருத்துவர் கையெழுத்திட்ட பதிவு ஆய்வுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. சான்றின் மாதிரிப் படிவத்தில் பரிசோதனைகள் குறிக்கப்பட்டுள்ளன: பொது உடற்பரிசோதனை, கண், தோல், குடல் காய்ச்சல் வகை நோய்களுக்கான தடுப்பூசி போடப்பட்டதா என்ற சரிபார்ப்பு, பிறகு மருத்துவருக்குச் சந்தேகம் தோன்றினால் அதை உறுதிசெய்யத் தேவையான சோதனை. இதே அட்டவணையில் இன்னொரு கட்டளையும் உண்டு. உணவு வழியாகப் பரவக்கூடிய நோய் உள்ளவர், அல்லது இருப்பதாகக் கருதப்படுபவர், உணவு கையாளும் பகுதிக்குள் வரக் கூடாது. அறிகுறி கண்டவர் உடனே நிர்வாகத்திடம் சொல்ல ஏற்பாடு இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டச் சான்று கோப்பில் தயாராக இருக்கிறது. இரண்டாவது கட்டளைக்கோ பெரும்பாலான சமையற்கட்டுகளில் எந்த ஏற்பாடும் இல்லை. நோயைத் தடுப்பது அந்த இரண்டாவது கட்டளைதான்.

ஏன் என்பதை ஒரு நாள்கணக்கு காட்டும். ஒரு மெஸ்ஸில் சட்னியும் பச்சடியும் போடுகிற சமையல்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 30 அன்று அவருக்கு ஆண்டுப் பரிசோதனை நடக்கிறது. கண்ணில் மஞ்சள் இல்லை, தோலில் புண் இல்லை, காய்ச்சல் இல்லை, சான்று கிடைக்கிறது. செப்டம்பர் 10 அன்று உடல் சூடு, குமட்டல், சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு. மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு 12ஆம் தேதி வரை வேலை செய்கிறார். 13 அன்று சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது. 15 அன்று கண் மஞ்சளாகிறது. 16 அன்று ரத்தச் சோதனையில் ஹெபடைட்டிஸ் ஏ என்று உறுதியாகிறது.

இந்த வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி காட்ட 15 முதல் 50 நாள் ஆகும். சராசரி 28 நாள். அப்படியானால் அவருக்குத் தொற்று ஏற்பட்டது ஜூலை 22க்கும் ஆகஸ்ட் 26க்கும் நடுவில். ஆகஸ்ட் 30 அன்று மருத்துவர் முன் அவர் நின்றபோதே வைரஸ் உள்ளே இருந்தது. மருத்துவர் எதையும் தவறவிடவில்லை. அன்று கண்ணுக்குத் தெரிய எதுவும் இல்லை. அதைவிடக் கவலையான கணக்கு அடுத்தது. மலத்தில் வைரஸ் மிக அதிகமாக வெளியேறுவது மஞ்சள் தோன்றுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில். செப்டம்பர் 1 முதல் 12 வரை, அவர் பெரும்பாலும் நலமாகத் தெரிந்த நாட்களில், அரைத்த ஒவ்வொரு சட்னியும் சந்தேகத்துக்குரியது. அதைச் சாப்பிட்டவர்களில் தொற்றியவர்களுக்கு செப்டம்பர் 16 முதல் நவம்பர் 1 வரை எந்த நாளிலும் நோய் தெரியலாம். ஒன்றரை மாதம் கழித்துக் காமாலை வந்தவருக்கு எந்தக் கடையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவிருக்காது. அதனால்தான் இப்படிப்பட்ட பரவலில் கடையின் பெயர் பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. பழி வராததால் தம் கடையில் எதுவும் நடக்கவில்லை என்று உரிமையாளர் நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

மஞ்சள் வந்த பிறகு வைரஸ் வெளியேறுவது வேகமாகக் குறைகிறது. அதனால் வேலைவிலக்கு மஞ்சள் தோன்றிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அமெரிக்க உணவு நெறிமுறையில் மஞ்சள் தோன்றி ஏழு நாள் கடந்த பிறகே சமையல்காரர் திரும்பலாம். கண்ணில் மஞ்சளே தோன்றாமல் ரத்தச் சோதனையில் மட்டும் நோய் உறுதியானால், முதல் அறிகுறியிலிருந்து பதினான்கு நாள் கடக்க வேண்டும். மேற்சொன்னவர் செப்டம்பர் 23க்கு முன் அடுப்படிக்கு வரக் கூடாது. அதற்குப் பிறகும் கண்ணில் மஞ்சள் சில வாரம் நிற்கலாம். அது அவருடைய ஈரல் தேறிவரும் அடையாளமே தவிர, தொற்றின் அடையாளம் அல்ல. வாடிக்கையாளர் பார்த்துப் பயப்படுவார் என்று அந்த நிலையில் அவரை ஒதுக்குவதும், அதற்கு முன்பு மூன்று நாள் குமட்டலோடு அவரை வேலை வாங்கியதும் ஒரே சமையற்கட்டில் நடப்பதுண்டு. அவருக்கு ஓய்வு வேண்டும் என்றால் அது அவர் உடம்புக்காக. அந்த அளவை மருத்துவர் சொல்வார்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பதும் மந்திரிக்கப் போவதும் வழக்கம். ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும் என்பதால் எதைக் குடித்தாலும் ‘கேட்டது’ போலத் தெரியும். ஆனால் ரத்தச் சோதனை நடக்காமல் போகிறது. நோயின் பெயர் தெரியாததால் உடன் வேலை செய்பவர்களைக் காக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. அந்த வாய்ப்பின் காலம் மிகக் குறுகியது. தொற்று வாய்ப்பு ஏற்பட்ட கடைசி நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க முடியும். அந்த மெஸ்ஸின் மற்றவர்களுக்கு அது செப்டம்பர் 26 வரை. நோய் உறுதியான 16ஆம் தேதியே மாநகராட்சி அல்லது மாவட்டச் சுகாதார அலுவலருக்குச் சொன்னால் பத்து நாள் கையில் இருக்கும். சந்தா கட்டிச் சாப்பிடும் மெஸ் என்றால் சாப்பிட்டவர்களின் பெயர்ப்பட்டியலும் இருக்கும். அவர்களுக்கும் தடுப்பூசி தேவையா என்பதைச் சுகாதாரத் துறை முடிவு செய்யும். செப்டம்பர் 1 அன்று மட்டும் சாப்பிட்டவருக்கு அந்தக் காலம் 15ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

டைஃபாய்டில் ஆபத்தான காலம் வேறு பக்கம் இருக்கிறது. காமாலையில் ஆபத்து நோய் தெரிவதற்கு முன்னால் வருகிறது என்றால், டைஃபாய்டில் அது காய்ச்சல் விட்ட பிறகும் நீள்கிறது. கிருமி புகுந்து பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரத்தில், சில சமயம் அதற்கும் மேல் ஆகி, படிப்படியாக ஏறும் காய்ச்சலும் தலைவலியும் சோர்வும் வயிற்றுவலியும் தொடங்குகின்றன. சரியான ஆன்டிபயாடிக் தொடங்கினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் இறங்குகிறது. அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்துவிடுபவர்கள் ஏராளம். குடலில் கிருமி இன்னும் இருக்கிறது. பாதியில் நிறுத்திய மருந்தால் நோய் திரும்பவும் வரலாம்.

காய்ச்சல் விட்டது குணமானதற்கு அடையாளம் அல்ல என்பதால், டைஃபாய்டு வந்த சமையல்காரரைத் திரும்ப எடுக்க மலத்தைக் கல்ச்சர் செய்து பார்க்கிறார்கள். பிரிட்டனின் பொதுச் சுகாதார வழிகாட்டுதல்படி, மருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து முதல் மாதிரி. 48 மணி நேர இடைவெளியில் மேலும் இரண்டு. மூன்றிலும் கிருமி இல்லை என்றால்தான் உணவைத் தொடலாம். ஜூலை 5 அன்று மருந்து தொடங்கிப் பதினான்கு நாள் சாப்பிடுகிறவருக்கு 18ஆம் தேதியோடு அது முடியும். ஜூலை 25, 27, 29 ஆகிய நாட்களில் மாதிரி கொடுத்து, கடைசி முடிவு கைக்கு வர ஆகஸ்ட் பிறந்துவிடும். காய்ச்சல் ஜூலை 10 வாக்கிலேயே விட்டிருக்கும். உடம்பில் ஒரு குறையும் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய இந்த மூன்று வாரம்தான் மொத்த விஷயத்திலும் கடினமானது. சம்பளம் இல்லாமல் அதைத் தாங்கக்கூடிய சமையல்காரர் அரிது. இந்திய விதிமுறை இப்படி நாள் எண்ணிச் சொல்வதில்லை. தொற்று நீங்கியதா என்ற முடிவை மருத்துவரிடம் விடுகிறது. அதனால் ‘வேலைக்குத் தகுதி’ என்ற ஒற்றை வரியை ஏற்றுக்கொள்ளாமல், மருந்து முடிந்த தேதியும் மூன்று கல்ச்சர் முடிவுகளும் அந்தச் சான்றில் இருக்கும்படி கேட்டு வாங்குவது உரிமையாளரின் பொறுப்பு.

இந்தச் சோதனைக்குப் பதிலாக வைடால் சோதனையைச் செய்துவிட்டு வருவது இங்கே பரவலாக நடக்கிறது. வைடால் பார்ப்பது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளை, கிருமியை அல்ல. முன்பு எப்போதோ வந்த டைஃபாய்டாலும், போட்ட தடுப்பூசியாலும், வேறு காய்ச்சலாலும் அது பாசிட்டிவ் காட்டலாம். குணமாகி மாதக்கணக்கில் அப்படியே நிற்கலாம். நோயின் முதல் நாட்களில் நெகட்டிவ் என்றும் வரலாம். மலத்தில் கிருமி போகிறதா என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்லவே முடியாது. வைடால் பாசிட்டிவ் என்று ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதும், நெகட்டிவ் என்று ஒருவரை உள்ளே விடுவதும் ஒரே அளவு தவறு. காய்ச்சல் இருக்கும்போது நோயை உறுதிசெய்ய, ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சரே நம்பத்தக்கது. அதுவும் எல்லா நோயாளிகளிலும் கிருமியைப் பிடித்துவிடுவதில்லை.

மூன்று கல்ச்சர்களுக்கு இன்னொரு காரணம், நோய்தாங்கிகள். டைஃபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேர்வரை, எந்த அறிகுறியும் இல்லாமல் ஓராண்டுக்கு மேல் மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். கிருமி பித்தப்பையில், முக்கியமாகக் கல் உள்ள பித்தப்பையில், தங்கிவிடுகிறது. அயர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் வீட்டுச் சமையல் செய்த மேரி மாலன் அப்படி அறியப்பட்ட முதல் அமெரிக்க நோய்தாங்கி. 1906 கோடையில் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் அவர் சமைத்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு வந்தது. அதை ஆராய்ந்த ஜார்ஜ் சோப்பர், சூடான உணவை விட்டுவிட்டு, பச்சைப் பீச் பழத்துண்டு கலந்து அவர் செய்த ஐஸ்கிரீமைச் சந்தேகித்தார். 1907இல் மேரி ஒரு தீவில் தனிமைப்படுத்தப்பட்டார். சமைக்க மாட்டேன் என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விடுவிக்கப்பட்டு, துணி துவைக்கும் வேலைக்குப் போனார். அதில் சமையலைவிடக் கூலி குறைவு. 1915இல் நியூயார்க்கின் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு வந்து இருவர் இறந்தபோது, வேறு பெயரில் அங்கே சமையல் செய்துகொண்டிருந்தவர் அவர்தான் என்று தெரிந்தது. மீண்டும் அதே தீவுக்கு அனுப்பப்பட்டு, 1938இல் அங்கேயே இறந்தார். அவரைப் பிடிவாதக்காரி என்று எழுதியவர்கள் அதிகம். நல்ல கூலி கிடைத்த ஒரே தொழிலை விடச் சொன்னவர்கள் அதற்கு ஈடான எதையும் அவருக்குத் தரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்றைய நோய்தாங்கிக்கு நீண்ட நாள் ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் பித்தப்பை அறுவை என்று வழிகள் உண்டு. கல்ச்சர் சுத்தமாகும்வரை அவர் சமையற்கட்டுக்கு வெளியே, கல்லா, கணக்கு, சரக்கு வாங்குவது போன்ற வேலைகளில் அதே சம்பளத்தில் இருக்கலாம். டைஃபாய்டு தடுப்பூசி நோயைப் பெருமளவு தடுக்கும்; ஏற்கெனவே நோய்தாங்கியாக இருப்பவரின் கிருமியை அது போக்காது. ஆகவே தடுப்பூசி அட்டை இருக்கிறது என்பதைக் காட்டிக் கல்ச்சரைத் தவிர்க்க முடியாது. அந்த ஊசி ஹெபடைட்டிஸ் ஏ வராமலும் தடுக்காது. அதற்கு வேறு தடுப்பூசி.

உணவு கையாள்வோரை வேலைக்குச் சேர்க்கும்போதும் பிறகு அவ்வப்போதும் செய்யும் பொது மருத்துவப் பரிசோதனையால் நோய்பரவலைத் தடுக்க முடிவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1989லேயே சொல்லிவிட்டது. சட்டம் கேட்கும் சான்றை அதற்காக விட்டுவிட முடியாது. ஆனால் அதோடு நின்றால் போதாது. சமையற்கட்டில் மேற்பார்வை செய்பவர் தினமும் வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில: காய்ச்சல் இருக்கிறதா, வாந்தியோ பேதியோ உண்டா, சிறுநீர் நிறம் மாறியிருக்கிறதா, வீட்டில் யாருக்காவது காமாலையோ டைஃபாய்டோ வந்திருக்கிறதா. வீட்டில் சிறு குழந்தைகள் உள்ளவர்களிடம் கடைசிக் கேள்வி முக்கியம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஹெபடைட்டிஸ் ஏ அறிகுறியே காட்டாமல் வந்துபோகும், பெரியவருக்குத் தொற்றவும் செய்யும். வெறும் வாந்தி, பேதி என்றால் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடாமல் இருப்பது பிரிட்டனில் பின்பற்றப்படும் அளவு. அதே நேரத்தில், ரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைட்டிஸ் பி உள்ளவரை ‘காமாலைக்காரர்’ என்று அடுப்படியிலிருந்து விலக்க எந்தக் காரணமும் இல்லை. அது உணவின் வழியே பரவுவதில்லை.

இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வருவது, பதில் சொன்னவருக்கு அன்றைய கூலி போகுமா போகாதா என்பதைப் பொறுத்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உணவகம் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருகிறது. அங்கே மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர், உரிய சந்தா கட்டப்பட்டிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாள்வரை பெறலாம். அதற்கு ஆறு மாத சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும்; பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு உதவி கிடையாது. டைஃபாய்டுக்கான ஒரு மாதத்தை இது ஏறக்குறைய ஈடுகட்டும். பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல் நாள்கூலிக்கு வைத்திருக்கும் சமையல்காரருக்கும், ஊர்விட்டு ஊர் வந்து கடையிலேயே தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் இந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. கடையிலேயே தங்குபவரை வேலையிலிருந்து நிறுத்தினாலும், எல்லோரும் பயன்படுத்தும் அதே கழிப்பறைக்குத்தான் அவர் போவார். அவருக்குத் தனிக் கழிப்பறையோ, குறைந்தது ஒவ்வொரு முறையும் ப்ளீச்சிங் கரைசலால் கழுவும் ஏற்பாடோ, வேளைக்குச் சாப்பாடும் வேண்டும். முதல் இரண்டு நாள் கூலியையும், திட்டத்துக்குள் வராதவருக்கு விலக்குக் காலம் முழுவதற்குமான கூலியையும் கடை கொடுக்க வேண்டியிருக்கும். கல்யாண சீசனில் முப்பது நாளைக்கு மாற்று மாஸ்டர் ஒருவரை முன்கூட்டியே பேசிவைப்பதும் இந்தச் செலவில் சேரும்.